இடைவெளிக்கு வைத்த நீலப் படம்

ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதனாலோ என்னவோ, நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டும் என்றால் எழுதிவைத்துக்கொள்ளாமல் என்னால் முடியாது. எழுதிவைத்த பிறகும் பயம்தான். எழுதினது காற்றில் பறந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிக்கிற குரல் நல்லாயிருக்கிறது என்றுதான் எங்கள் ஸ்டூடியோ முதலாளி என்னை லைவ் நிகழ்ச்சிகளில் பேச வைத்தார். அதுவரைக்கும் நான் அங்கே கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

லைவில் பேசுவது என்றால் பாதி நேரம் இடைவெளியில் பேசுவதுதான். விருந்தினர் அவரவர் வீட்டிலிருந்து செல்போனில் வருவார்கள். நாம் அனுப்பிய இணைப்பைத் தொட்டதும் நேராகத் திரைக்கு வந்துவிட மாட்டார்கள்; பின்னால் ஒரு காத்திருப்பு அறை இருக்கிறது, அங்கே நிற்பார்கள். முதலாளி கம்ப்யூட்டரில் இருந்து ஒவ்வொருவராக உள்ளே எடுப்பார். ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்குள் ஒருத்தருக்கு மைக் அடைத்திருக்கும், ஒருத்தருக்கு சிக்னல் போயிருக்கும், ஒருத்தர் போனைத் தலைகீழாகப் பிடித்திருப்பார். அந்த நேரத்தை நான் நிரப்ப வேண்டும். அதற்காகக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டி அட்டைகள் செய்து வைத்திருந்தேன். கரண்டு போனால் பேச ஒரு அட்டை. விருந்தினர் அழுதுவிட்டால் ஒரு அட்டை. அரசியல் பேச ஆரம்பித்தால் மெதுவாகத் திருப்ப ஒரு அட்டை. ரப்பர் பேண்ட் போட்டு மடியில் வைத்திருப்பேன்.

"உங்கிட்ட நிலநடுக்கத்துக்கும் ஒரு அட்டை இருக்குமே தங்கச்சி" என்று கேமரா அண்ணன் கேலி செய்வார்.

கேமரா அண்ணன் என்றுதான் ஊரே சொல்லும். எங்கள் ஸ்டூடியோவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் இருந்தால் எனக்குப் பயம் பாதியாகக் குறையும். கேமராவுக்குப் பின்னாலிருந்து உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டுவார். மெதுவாகப் பேசு என்று அர்த்தம். கட்டை விரலை நெஞ்சில் வைத்தால், பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

அவர் சின்னாளபட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் விளக்கு கட்ட ஏணியில் ஏறி, மேலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. திங்கட்கிழமை காலைக்குள் முன்பணம் கட்டினால் அந்த வாரமே அறுவை சிகிச்சை. இல்லையென்றால் அந்த டாக்டர் வெளியூர் போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கக் காத்திருக்கக் காலில் உணர்ச்சி திரும்பும் வாய்ப்பு குறையும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கையில் இருந்ததெல்லாம் முதல் வாரத்திலேயே கரைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லைவ் வைத்துப் பணம் திரட்டுவது என்று முதலாளி முடிவு செய்தார்.

அண்ணனிடம் சம்மதம் கேட்க நானும் முதலாளியும் மதுரைக்குப் போனோம். அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"என்னைய இந்தக் கோலத்துல காட்டக் கூடாது. நான் நிக்கிற படமா ஏதாச்சும் போடுங்க. படுத்திருக்கிறத மட்டும் ஒரு நிமிஷங்கூட காட்டிறாதீங்க."

"சரிப்பா. காட்டல" என்றார் முதலாளி.

"தங்கச்சி, நீ சொல்லு."

"காட்ட மாட்டோம்ணே" என்றேன்.

திரும்பி வந்து படம் தேடினால் ஒன்றும் இல்லை. ஊரையே படம் எடுத்தவர், ஒரு படத்திலும் இல்லை. அவருடைய சொந்தக் கல்யாணப் படங்கள் ஒரு மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டதாக மதினி சொன்னார். மதினி என்றால் அண்ணனின் மனைவி. கடைசியில் ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்றுதான் கிடைத்தது.

அதை முதலாளி பெரிதாக்கினார். முதலாளியின் அப்பா இந்த ஸ்டூடியோவை அறுபதுகளில் ஆரம்பித்தவர். அந்தக் காலத்தில் யாரும் சும்மா வந்து படம் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். வீட்டில் ஒருத்தர் இறந்தால் எப்போதோ எடுத்த கூட்டுப்படம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து அவர் தலையை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, பின்னால் வெளிர்நீலம் தீட்டிக் கொடுப்பார். சுற்றுப்பட்டு ஊர்களில் மாலையோடு தொங்குகிற படங்கள் பாதி எங்கள் கடையில் பிறந்தவை. இப்போது கம்ப்யூட்டர் வந்தாலும் முதலாளியின் கை அந்த நீலத்துக்குத்தான் போகும். அண்ணன் படத்துக்குப் பின்னாலும் அதே நீலம் வந்தது. படத்தின் கீழே பணம் அனுப்புகிற கட்டம், கியூஆர் கோடு. பின்னணியில் புல்லாங்குழல். விருந்தினர் வராத இடைவெளிகளில் இந்தப் படம் திரையில் நிற்கும், நான் பேசுவேன். அதுதான் ஏற்பாடு.

நான் விடிய விடிய யோசித்து அட்டைகள் எழுதினேன். பணத்தைப் பற்றிச் சொல்லுகிற அட்டையைத்தான் அதிகம் அடித்து அடித்து எழுதினேன். பணம் நேராக மதினியின் கணக்குக்குப் போகும். மதினி ஆஸ்பத்திரியில் இருந்தபடி கணக்கில் சேர்ந்த மொத்தத்தை முதலாளிக்கு அனுப்புவார். முதலாளி அதை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டுவார். நான் அதை மட்டும் வாசிக்க வேண்டும்; அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னதைச் சேர்க்கக் கூடாது. பெயர் சொல்லலாம் என்று தகவல் அனுப்பியவர்களின் பெயரைத்தான் வாசிக்க வேண்டும். நூறு ரூபாய்க்கும் பத்தாயிரத்துக்கும் ஒரே மாதிரி நன்றி. மொத்தம் ஏறாமல் அப்படியே நின்றால், புதிதாக வந்தது போல் திரும்ப வாசிக்கக் கூடாது. 'இன்னும் இவ்வளவுதான்' என்ற சொல் வாயில் வரவே கூடாது. ஏனென்றால் அண்ணன் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். இதையெல்லாம் எனக்கு நானே சிவப்பு மையில் எழுதிவைத்தேன்.

முதல் விருந்தினர் ஒரு சமையல் மாஸ்டர். கல்யாணங்களில் அண்ணனோடு பழகியவர். பின்னால் அண்டா தெரிய உட்கார்ந்து பேசினார்.

"பந்தி முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் கடைசி இலையில உக்காருவாப்ல. பாயசம் தீந்துபோச்சுய்யான்னா, அப்ப ரசத்தையே டம்ளர்ல ஊத்துங்கம்பாப்ல. சண்டை போட மாட்டாப்ல. அதான் எனக்குக் கடுப்பு. நானே எடுத்து ஒளிச்சு வச்சிருவேன் அவருக்கு."

நன்றாகப் போனது. மொத்தம் ஏறியது. நான் வாசித்தேன். பார்ப்பவர்கள் கும்பிடுகிற கை போட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குத்தான், நன்றாகப் போகிறதே என்று பயம் வந்தது.

இரண்டாவது விருந்தினர் தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் பாட்டுக்காரர். தோட்டத்தில் சிக்னல் இல்லை. உள்ளே வந்தார், உறைந்தார், போனார். மறுபடி வந்தார், குரல் மட்டும் வந்தது, போனார். முதலாளி அட்டையைத் தூக்கினார்: 'வரல. பேசு.' நீலப் படம் திரைக்கு வந்தது. குழல் ஒலித்தது. நான் அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அழுகிற பெண்ணைப் படம் எடுக்கும்போது கேமராவை ஒரு நொடி கீழே தாழ்த்துவார் என்று சொன்னேன். மழைக்குள் குடையைக் கேமராவுக்குப் பிடித்துவிட்டு அவர் நனைந்ததைச் சொன்னேன். கியூஆர் கோடு தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளிடம் போனைக் கொடுங்கள் என்று சொன்னேன். பாட்டுக்காரர் வரவில்லை. அடுத்த விருந்தினரான வாத்தியாரும் இன்னும் காத்திருப்பு அறைக்கு வரவில்லை. இன்னொரு அட்டை எடுத்தேன். படம் நின்றுகொண்டே இருந்தது.

மொத்தம் நின்றுவிட்டது. முதலாளி அதே தொகையைத் திரும்ப எழுதிக் காட்டினார். நான் அதை வாசிக்காமல், "வந்த உதவிகளுக்கு நன்றி" என்று சுற்றிப் போனேன்.

அந்த நேரத்தில்தான் ஸ்டூடியோ போன் அடித்தது. முதலாளி எடுத்து, சத்தம் கேட்காமல் இருக்க மூலையில் போய் நின்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும். கீரனூரில் அண்ணன் ஒரு கல்யாணம் எடுத்துக் கொடுத்த வீட்டுக்காரர் பேசியிருக்கிறார்.

"ஏனுங்க, எப்பங்க எடுக்கறாங்க? மதுரையில இருந்து வண்டி கிளம்பிருச்சுங்களா? நாங்க ஒரு பத்துப் பேரு வந்துட்டு இருக்கோமுங்க."

முதலாளிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஓடிவந்து பார்வையாளர்கள் எழுதுவதைப் பார்த்தார். நான் அட்டையையும் கேமராவையும் பார்த்துப் பேசுகிறவள். அந்தப் பக்கம் என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். 'நல்ல மனிதர், ஆன்மா சாந்தி அடையட்டும்' என்று அடுத்தவர். அதன் பிறகு வரிசையாக அதுதான். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு முன்கதை தெரியாது. நீலப் பின்னணியில் ஒரு மனிதர், குழல், ஒரு பெண் குரல் அவருடைய நல்ல குணங்களைச் சொல்லுகிறது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு படம் தனியாக நின்றால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. கியூஆர் கோட்டைப் பார்த்தவர்கள்கூட, பிணத்தைக் கொண்டுவர உதவி கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். செத்தவருக்கு அறுவை சிகிச்சைக்கு யார் பணம் அனுப்புவார்கள்?

முதலாளி அட்டையில் எழுதித் தூக்கினார். அவசரத்தில் எழுத்து கோணியிருந்தது: 'செத்துட்டார்னு நினைக்கிறாங்க.'

என் மடியில் அதற்கு அட்டை இல்லை.

நான் சொன்னேன்: "அண்ணன் நல்லாயிருக்காங்க. உயிரோட இருக்காங்க. ஆஸ்பத்திரியில இருந்து நம்மள பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க." சொல்லும்போதே அது பொய் மாதிரி எனக்கே கேட்டது. நாங்கள் பேசுவது பார்க்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் போய்ச் சேரும். அதற்குள் இன்னும் இரங்கல்கள் வந்தன. அந்த நீலப் படத்தை யாரோ பிடித்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள், அதைப் பார்த்தவர்கள் லைவுக்கே வராமல் அங்கிருந்தே அடுத்தவருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று போன் மேல் போன். 'மேலிருந்து நம்மைப் பார்க்கிறார் என்று தங்கச்சி சொல்வது உண்மை' என்று ஒருவர் எழுதினாராம்.

முதலாளி படத்தை எடுத்துவிட்டு என் முகத்தை மட்டும் வைத்தார். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு, தொகையும் கியூஆர் கோடும் மட்டும் தெரிகிற பக்கத்தைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அவர் முகத்தக் காட்டாம இது தீராது."

"காட்ட மாட்டோம்னு சொல்லிருக்கோம்ல."

"நாளைக்குக் காலைல கட்டணும். பாதிகூட வரல. என்னைய என்ன செய்யச் சொல்ற?"

"குரல் மட்டும் போடலாம்."

"பழைய குரல்னு சொல்லுவாங்க. அதையுஞ் சொல்லுவாங்க பாரு."

அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் ஒரு மணி ஒலித்தது. காத்திருப்பு அறைக்கு யாரோ வந்திருந்தார்கள். வாத்தியார் என்று நினைத்தோம். சின்னக் கட்டத்தில் ஒரு மின்விசிறியும் ஆஸ்பத்திரிக் கூரையும் தெரிந்தன. மதினியின் போன். அவசரம் என்றால் நேரில் பேசுவதற்காக அவருக்கும் இணைப்பைக் கொடுத்து வைத்திருந்தோம்.

அண்ணன் குரல் கேட்டது. எங்களிடம் இல்லை, மதினியிடம்.

"ஜன்னல் திரைய இழுத்து விடு. பின்னாடி வெளிச்சம் அடிச்சா மூஞ்சி கருப்பாத் தெரியும். போன கண்ணு மட்டத்துக்குக் கொண்டா. அம்புட்டு மேல வேணாம். கை ஆடுதே உனக்கு."

"ஆடத்தான செய்யும்" என்றார் மதினி.

"தலகாணியில முட்டுக் குடு. ஆங். அப்படியே வையி."

அவர் முகம் தெரிந்தது. சவரம் செய்யாத முகம். கழுத்தில் பட்டை.

"முதலாளி, எடுங்க உள்ள. எல்லாத்தையும் பாத்துட்டேன். என் மாமியாளுக்கே போன் பண்ணித் துட்டி கேட்டுட்டாக."

"அண்ணே, வேணாம்ணே" என்றேன்.

"வேற அட்டை வச்சிருக்கியா?"

நான் மடியில் இருந்த அட்டைகளுக்கு ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டேன்.

"இல்லைல. அப்ப எடுங்க."

முதலாளி அவரைத் திரைக்கு எடுத்தார். என்ன பேச வேண்டும் என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை. "வணக்கம். நான் உயிரோடதான் இருக்கேன். எனக்கு மாலை வாங்குன காச அந்தக் கணக்குக்கு அனுப்பி விடுங்க" என்றார். சமையல் மாஸ்டர் எங்கேயோ இருந்து சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டார். அதற்குப் பிறகு இரங்கல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மொத்தம் ஏற ஆரம்பித்தது.

வாத்தியார் வந்து பேசிவிட்டுப் போனார். அடுத்தவரை எடுப்பதற்குள் மறுபடியும் இடைவெளி. நீலப் படத்தை இனிப் போட முடியாது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அண்ணனே சொன்னார்:

"இடைவெளிக்கு என்னையப் போட்டுக்கங்க. நான் எங்க போகப் போறேன்."

அப்படித்தான் மீதி நேரம் முழுக்கப் போனது. விருந்தினர் இல்லாதபோதெல்லாம் திரையின் ஒரு பாதியில் நான், மறுபாதியில் படுத்திருக்கும் அவர். முன்பு நான் இடைவெளியில் பேசும்போது அவர் கேமராவுக்குப் பின்னால் நிற்பார். இப்போது முன்னால் படுத்திருந்தார். நான் வரவை வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார். நன்றி சொல்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். இத்தனை வருஷமாக அவர் முகத்தைப் பார்த்தவள் நான்; அது கூச்சம் என்று எனக்குத் தெரியும். சின்னத் தொகைக்கும் பெரிய தொகைக்கும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேனே, அவர் கண்ணும் ஒரே மாதிரிதான் மூடியது. ஒரு கட்டத்தில் பெயர்களை நான் வேகவேகமாக வாசித்துக்கொண்டு போனேன். அவர் போர்வைக்கு மேலே இருந்த கையை மெல்லத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினார்.

வேண்டிய தொகை வந்துவிட்டது. வந்ததும் கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்று எழுதியிருந்தபடி நன்றி சொல்லி முடித்தேன். திங்கட்கிழமை பணம் கட்டினார்கள். அறுவை சிகிச்சையும் நடந்தது. உட்கார முடிந்தது அவரால். கால் திரும்பவில்லை.

அந்த லைவைச் சேனலில் யாரும் பார்க்க முடியாதபடி முதலாளி பூட்டிவிட்டார். ஆனால் துண்டு துண்டாக வெட்டி ஊர் முழுக்கப் போயிருந்தது. மதினி சக்கர நாற்காலியில் அவரைச் சந்தைப் பக்கம் கொண்டுபோனால், "லைவுல படுத்திருந்தாரே, அவருதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். சிலர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் போட்டேண்ணே" என்பார்களாம்.

சில வருஷம் கழித்து ஒருநாள் வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணன் என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, பழைய கேசட்டு, டிஸ்க்கு எல்லாம் கடையில கெடக்குல்ல. அதுல எங்கயாச்சும் நான் நடக்குற மாதிரி இருக்கா பாரேன். சும்மாதான். மகளுக்குக் காட்டணும். அவளுக்கு ஞாபகம் மங்குதுங்கறா."

ஆல்பம் வேலை இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். எத்தனையோ கல்யாணம், பூப்புனித நீராட்டு, மாதா கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மை விழா. ஒன்றிலும் அவர் இல்லை. குரல் மட்டும் வரும். "மாப்ள, செத்த இங்கிட்டுப் பாருங்க." "பொண்ணு தலையக் கொஞ்சம் தூக்கும்மா." "சிரிங்கப்பா, கடன் வாங்கியா கல்யாணம் பண்றீங்க." எல்லோரும் சிரிப்பார்கள், அவர் திசையைப் பார்த்து.

கடைசியில் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. சாப்பாட்டு மண்டபம். ஓடுகிற கேமராவை நிறுத்த மறந்து ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு எதையோ எடுக்கப் போயிருக்கிறார். கால் மட்டும்தான் தெரிகிறது. மடித்துக் கட்டிய வேட்டி, பழுப்பு நிறச் செருப்பு. இலைக்கட்டுகளைத் தாண்டி வேகமாக நடந்து போகிறார். ஒரு குழந்தை குறுக்கே வர, ஒதுங்கி நின்று, மறுபடி நடக்கிறார். அவ்வளவுதான்.

செல்போனில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மதினி அடுப்படியில் இருந்து வந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"இது நீங்கதானா?" என்றாள் மகள்.

"நானேதான். அந்தச் செருப்பப் பாரு. விழுந்த அன்னைக்கு அதத்தான் போட்ருந்தேன்."

"இப்ப எங்கப்பா அது?"

"ஏணிக்குக் கீழ கழட்டி வச்சேன். அங்கனதான் கெடக்கும்" என்றார்.

மகள் போனை வாங்கி மறுபடி ஓட விட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது பேசி அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும்போல் இருந்தது. பையில் கையை விட்டேன். பழக்கதோஷம். அட்டைகளை நான் எப்போதோ விட்டுவிட்டிருந்தேன். குழந்தை குறுக்கே வந்தது, அவர் ஒதுங்கினார், நடந்தார். படம் முடிந்ததும் மகள் மறுபடி முதலில் இருந்து போட்டாள்.